பன்னிரண்டு சொல்லில் ஓர் அறை

முஹ்ஸினா கொண்டுவந்த தாளில் முப்பத்தாறு சொற்கள் இருந்தன. முருகையா ஒவ்வொரு சொல்லின் தலையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து எண்ணிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பன்னிரண்டுதான் போடலாம், தங்கச்சி."

மிச்சத்துக்கு வேண்டுமானால் மேலதிகமாகக் கட்டிவிடுகிறேன் என்றாள் அவள். காசு கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள் என்றார் முருகையா. காகிதத் தட்டுப்பாடு வந்ததிலிருந்து கொழும்புப் பத்திரிகை பாதியாக மெலிந்துவிட்டது. ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில் சிறு விளம்பரங்களுக்கு ஒரே ஒரு பத்தி. அதற்கென்று ஒரு கூப்பன் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். அதில் பன்னிரண்டு கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு ஒரு சொல். ஊர்ப் பெயரும் ஒரு சொல், இலக்கமும் ஒரு சொல். புதன்கிழமை மாலை ரயிலில் போகும் தபாலில் சேர்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே முருகையாவின் பத்திரிகைக் கடை. பதினைந்து வருடமாக அவர்தான் அந்தப் பத்திரிகைக்கு ஊர் ஏஜென்ட். பூனாகலையிலிருந்து கொஸ்லந்த வரை யாருக்குக் காணி விற்க வேண்டியிருந்தாலும், பசு தொலைந்தாலும், மாப்பிள்ளை தேவைப்பட்டாலும், அவருடைய பென்சிலுக்குக் கீழேதான் வந்தாக வேண்டும். எவ்வளவு பெரிய கதையையும் வெட்டிச் சுருக்கிவிடுவார்.

அவர் அவள் எழுதியதை மெதுவாக வாசித்தார்.

'பதுளையில் கீழ்த்தெருவில் எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. நான் மட்டும் தனியாக இருக்கிறேன். நல்ல குடும்பத்துப் பெண் ஒருவர் வந்து தங்கினால் வாடகை வேண்டாம். இரவுச் சாப்பாடு ஒன்றாகச் சாப்பிடலாம். கிணற்றுத் தண்ணீர் வற்றாது. கூரை ஒழுகாது. விரும்புவோர் முருகையா கடைக்குப் போன் செய்யவும். பதுளை 318.'

"இந்தா பாருங்க. 'தனியாக இருக்கிறேன்' வரைக்கும் வந்தா பன்னிரண்டு முடிஞ்சிரும். ஒங்ககிட்ட ஒரு ரூம் இருக்கு, நீங்க தனியா இருக்கீங்க. படிக்கிறவன் அதை வச்சு என்ன செய்வான்? என்ன குடுக்கிறீங்க, எங்க போன் பண்றது, இந்த ரெண்டும் இல்லாட்டி அது விளம்பரமே இல்லை."

அவள் முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் மொஹிதீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கடையை வாடகைக்கு விட்டதில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குறை வேறு. மாத்தளையில் இரும்புக் கடை நடத்தும் அவளுடைய அண்ணன், நஸீர் நானா, மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். போன வாரம் வந்ததுதான் கடைசிக் கடிதம். ஒரு பொம்பளை தனியாக ஒரு வீட்டில் இருக்கக்கூடாது, ஊர் பேசும். செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை வேன் கொண்டு வருகிறேன், நோன்புக்கு முன்னால் நீ இங்கே வந்துவிட வேண்டும். வீட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

கணவர் போன பின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்ததும் மாத்தளையில் இரண்டு மாதம் இருந்து பார்த்தவள் அவள். குசினியை ஒட்டி, அரிசி மூட்டைகள் இருக்கும் அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் ஒன்பது பேர். காலையிலிருந்து மாலை வரை யாராவது எதையாவது எங்கே வைத்தாய் என்று அவளைக் கேட்பார்கள். அதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. அங்கேயிருந்து திரும்பி வந்து தன் வீட்டுப் பூட்டைத் திறந்தபோதுதான் மூச்சு வந்தது. ஆனால் அன்றைக்கு மாலையே இந்த வீட்டின் வெறுமையும் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

அவள் கெஞ்சியபோது நானா ஒரே ஒரு வழி விட்டிருந்தார். மரியாதையான ஒரு பெண் வந்து கூடவே தங்குவதாக இருந்தால் யோசிக்கலாம். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அப்படி ஒருத்தி வர வேண்டும். வராவிட்டால் வேன்.

முருகையா வெட்டத் தொடங்கினார். கிணறு போயிற்று. கூரை போயிற்று. "வர்றவங்க வந்து பாக்கட்டும்" என்றார். 'விரும்புவோர்', 'செய்யவும்' இரண்டும் எந்த விளம்பரத்திலும் வீண் என்று அடித்தார். தன் பெயரையும் அடித்தார். இலக்கம் இருந்தால் போதும், மணி அடித்தால் எடுக்கப்போவது அவர்தானே. கீழ்த்தெருவும் வேண்டாம். கடைசியில் 'பதுளை 318' என்று வருகிறதே, ஊர் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால் 'போன்' என்ற சொல்லைத் தொடவில்லை. அது இல்லாவிட்டால் முந்நூற்றுப் பதினெட்டை வீட்டு இலக்கம் என்று நினைத்து யாராவது தெருத்தெருவாகத் தேடுவார்கள்.

"ஒன்றாகச் சாப்பிடலாம்னு எழுதியிருக்கீங்க. 'இரவுச் சாப்பாடு இலவசம்'னு போட்டா ஒரு கட்டம் மிச்சம்."

"அது வேற, இது வேற, அண்ணன்."

"வாசிக்கிறவங்களுக்கு ஒண்ணுதான்."

பிறகு 'நான் மட்டும் தனியாக இருக்கிறேன்' என்ற இடத்துக்கு வந்தார். பென்சில் நின்றது. குரலைத் தாழ்த்தி, பொம்பளை தனியாக இருக்கிறாள் என்று நாடு முழுக்கத் தெரியும்படி பேப்பரில் போடுவது நல்லதில்லை என்றார். அவளுக்கும் அதுவேதான் உறுத்திக்கொண்டிருந்தது. "வெட்டிடுங்க" என்று உடனே சொல்லிவிட்டாள். சொன்னதும் ஒரு நிம்மதி.

கூப்பனில் நிரப்பிப் பார்த்தபோது பத்துக் கட்டம்தான் ஆகியிருந்தது. இரண்டு காலி. காசு கொடுத்த கட்டத்தைச் சும்மா விட முருகையாவுக்கு மனம் வராது. வாடகை விளம்பரம் என்றால் வழக்கமாகப் போடும் இரண்டு சொல்லை அவர் கை தானாகவே எழுதியது.

'பெண்ணுக்கு அறை. வாடகை இல்லை. இரவுச் சாப்பாடு இலவசம். சகல வசதி. போன்: பதுளை 318.'

பன்னிரண்டு. கச்சிதமாக இருந்தது. கூப்பன் மாலை ரயிலில் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முஹ்ஸினா பத்திரிகை வாங்கி, தன் விளம்பரத்தை ஆறு தடவை வாசித்தாள். பிறகு காலி அறையைக் கூட்டினாள். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். யாராவது கேட்டால் முருகையா ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாள். எல்லாம் அடுத்த வீட்டுக்குப் போனவர்கள்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. ஆள் வரவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, கடையில் ஆம்பளைகள் குறைவான நேரமாகப் பார்த்து, அவளே கிளம்பிப் போனாள். கடை வாசலில் கால் வைக்கும்போதே டெலிபோன் அடித்தது. முருகையா எடுத்தார். இரண்டு நொடி கேட்டார். "அப்படி ஒண்ணும் இங்க கிடையாது" என்று சொல்லி, படாரென்று வைத்தார். திரும்பியபோதுதான் அவளைக் கண்டார். முகம் கறுத்துப்போயிற்று.

"போன் வந்திச்சா, அண்ணன்?"

"அப்படிப் பெரிசா வரலைங்க."

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமினார். பள்ளிவாசல் நிர்வாகி ஹுமைத். அவர் கையில் ஒரு சின்னக் காகிதத் துண்டு. அவளுடைய விளம்பரம்தான், கத்திரிக்கோலால் ஒழுங்காக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

இது யாருடைய வீடு என்று நாலு நாளாகத் தான் கேட்பதாகவும், முருகையா வாயைத் திறக்க மறுப்பதாகவும் ஹுமைத் பொதுவாகச் சொல்லத் தொடங்கினார். பெண்ணுக்கு அறையாம். வாடகை இல்லையாம். ராத்திரிச் சாப்பாடு சும்மாவாம். போன் எடுப்பது ஓர் ஆம்பளை. பஜாரில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"இவர் இப்ப பேப்பர் யாவாரம் மட்டுமில்ல செய்யிறார், தெரியுமா?" என்றார் அவளிடம். "சகல வசதியாம்."

முஹ்ஸினா பத்திரிகைக் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். மூன்று நாளாக என்னவெல்லாம் வந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஹுமைத் போன பிறகு முருகையா அதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பண்டாரவளையிலிருந்து ஒருத்தன் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். ஒரு தாய் மகளுக்காக விசாரித்தாள். ஏன் வாடகை வேண்டாம் என்று கேட்டாள். அவர் பதில் சொல்லத் தயங்கியதும் வைத்துவிட்டாள். மொனராகலையிலிருந்து ஒருவர் தன் மாமியாரை அனுப்பலாமா என்று கேட்டார், ஆனால் திருப்பி அனுப்பக் கூடாது என்றார். அவர் ஒருவர்தான் மரியாதையாகப் பேசியவர். காலையில் வாரப் பத்திரிகை வாங்க வரும் இரண்டு டீச்சர்மார் இப்போது எதிர்ப் பக்க நடைபாதையில் போகிறார்கள்.

வீடு யாருடையது என்று மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஹுமைத் கையில் வைத்திருக்கும் துண்டு அவருடைய கடைக்கு வந்திருக்காது. கீழ்த்தெருவுக்கு வந்திருக்கும்.

இப்போது அவள் இப்படியே திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. இன்னும் மூன்று வாரத்தில் வேன் வரும், மாத்தளைக்குப் போய்விடுவாள், ஊர் முருகையாவைப் பற்றிப் பேசிப் பேசி ஓயும். அரிசி மூட்டைகளின் வாசனை அவள் மூக்கில் அடித்தது.

"அந்த ரூம் என்னோடது, நிர்வாகி."

ஹுமைத் அவளைப் பார்த்தார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

"நான்தான் போடச் சொன்னன். ஊட்டுல தனியா இருக்கேலாம ஈக்கிது. அத எழுத வெக்கமா ஈந்திச்சு. அதான் வெட்டச் சொன்னன்."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். மொஹிதீன் காக்கா இருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று என்னவோ முணுமுணுத்தார். முருகையாவின் முகத்தைப் பாராமலே வெளியே போனார். அந்தத் துண்டு பெஞ்சிலேயே கிடந்தது.

எதிரே பஸ் நிலையத்தில் பசறை பஸ் ஒன்று ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"தப்பு எம் மேலதாங்க" என்றார் முருகையா. "பதினஞ்சு வருசமா வெட்டுறேன். சும்மா ஒரு பொருளைக் குடுத்தா, ஏன் குடுக்கிறான்னு முதல்ல கேப்பாங்க. அந்தக் காரணத்தை வெட்டிப்புட்டேன். போதாததுக்கு அந்த ரெண்டு கட்டத்துல..."

முஹ்ஸினா ஒரு புதுக் கூப்பன் கேட்டாள்.

இம்முறை அவளே உட்கார்ந்தாள். முதலில் கடைசி மூன்று கட்டங்களை நிரப்பிவிட்டாள்: போன், பதுளை, 318. அதற்கு முன்னால் கொடுக்கிறதை எழுதினாள்: அறையும், இரவுச், சாப்பாடும், இலவசம். ஏழு போயிற்று. மீதி ஐந்து.

அந்த ஐந்தில்தான் நேரம் போயிற்று. 'விதவைக்குத் துணை தேவை' என்று எழுதிக் காட்டினாள். 'தேவை' என்று கண்டால் வேலைக்காரி தேடுகிறார்கள் என்று நினைப்பார்கள், அந்தப் பத்தியில் பாதி அதுதான் என்றார் அவர். அதை அடித்தாள். 'நல்ல குடும்பத்து' என்பதைச் சேர்க்கப் பார்த்தாள். இரண்டு கட்டம் தின்றது. கெட்ட குடும்பத்துப் பெண் எவளும் தன்னைக் கெட்ட குடும்பம் என்று நினைத்துக்கொண்டு போன் பண்ணாமல் இருக்கப்போவதில்லை என்று முருகையா சொன்னபோது, அவளுக்கே லேசாகச் சிரிப்பு வந்தது. அதையும் அடித்தாள். 'முஸ்லிம்' என்று போடலாமா என்று யோசித்தாள். போட்டால் ஹுமைத் மகிழ்வார். ஆனால் ஒரு கட்டத்தில் ஒரு சொல்லை வைத்தால் இன்னொரு சொல் வெளியே போக வேண்டும். வெளியே போகக்கூடிய சொல் எதுவும் இப்போது மிச்சமில்லை.

கடைசியில் அவள் எழுதியது இதுதான்.

'தனித்திருக்கும் விதவைக்குத் துணையாகத் தங்கும் பெண்ணுக்கு அறையும் இரவுச் சாப்பாடும் இலவசம். போன்: பதுளை 318.'

முருகையா புள்ளி வைத்து எண்ணினார். பன்னிரண்டு. ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார். இப்படியே போகட்டுமா என்று கேட்டார். போகட்டும் என்றாள். 'துணையாக' என்ற சொல்லை எழுதிய இடத்தில் மை கொஞ்சம் ஊறிப் பரந்திருந்தது. அச்சில் அது தெரியாது.

ஞாயிறு வந்தது. விளம்பரமும் வந்தது, ஒரு பழைய சைக்கிளுக்கும் தொலைந்துபோன தேசிய அடையாள அட்டைக்கும் நடுவில். அன்று அவள் கடைப் பக்கம் போகவில்லை. தெருவில் இரண்டு பெண்கள் தன்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியதைக் கண்டாள். ஒருத்தி வீட்டுக்கே வந்து, பாவம், இவ்வளவு கஷ்டமா என்று கேட்டுவிட்டு, தேநீர் குடிக்காமல் போனாள். இத்தனை வருடம் சுவரோடு சுவராக இருந்த அந்த அடுத்த வீட்டுக்காரி, முஹ்ஸினா தனியாக இருப்பதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டாளாம்.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு முருகையா ஆள் அனுப்பினார். ஒரு பெண் போன் பண்ணினாள், ஐந்து மணிக்குத் திரும்ப எடுப்பாள், அந்த அம்மாவோடுதான் பேச வேண்டும் என்கிறாள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. முஹ்ஸினா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அந்த வெளம்பரத்துல இருக்கிறவங்களா?"

"ஓம். நான்தான்."

அவள் பெயர் நல்லம்மா. வயது முப்பத்தைந்து. ஊர் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பதுளையில் ஒரு டாக்டருடைய டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும் வேலை. இதுவரை ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில் ஆறு பேரோடு ஒரே அறையில் படுத்தெழும்பினாள். அப்பாவும் அம்மாவும் தம்பியும் போன மாதம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். குடியுரிமை கேட்டதில் அவர்கள் பெயர் இந்தியப் பட்டியலில் வந்தது. தனியாக விண்ணப்பம் போட்ட அவளுக்கு இன்னும் பதில் இல்லை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. தெரியும் வரைக்கும்தான் தங்க முடியும். ஒரு வருசமோ, ரெண்டு வருசமோ, அடுத்த மாசமோ. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போன் பண்ணினாள்.

"மொத வெளம்பரத்தையும் பாத்தேங்க. பயந்து, பேப்பரை மடிச்சு வச்சிட்டேன். நம்பரு ஒண்ணா இருக்கவும் இதையும் விட்டுறலாம்னுதான் பாத்தேன்."

"பொறகு?"

எதிர்ப் பக்கம் யாரோ கண்ணாடிப் போத்தல்களை அடுக்கும் ஒலி மட்டும் கேட்டது.

"இப்படி ஒருத்தங்க பொய் சொல்லுவாங்களான்னு தோணுச்சுங்க."

நல்லம்மா அந்த வாரமே ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். பேச்சு குறைவு. காலை ஏழரைக்குப் போய் மாலை ஆறுக்கு வருவாள். அறைச் சுவரில் ஒரு முருகன் படம் மாட்டலாமா என்று கேட்டாள். முஹ்ஸினா ஒரு கணம் தயங்கி, ஆணி எடுத்துக் கொடுத்தாள். மாட்டிறைச்சி ஆக்கும் நாளில் தனக்கு வேறு சட்டியில் பருப்பு வைத்துக்கொள்வதாக நல்லம்மா சொன்னாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடைஞ்சலாகிவிடாமல், மெத்தென்று அடி வைத்து நடந்தார்கள்.

செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நஸீர் நானாவின் வேன் வந்து நின்றது. நானா வீட்டைச் சுற்றி வந்தார். நல்லம்மாவின் அறை வாசலில் நின்று முருகன் படத்தைப் பார்த்தார். ஹுமைத் அவருக்கு எல்லாம் எழுதியிருந்தார் போலும். சட்டைப் பையிலிருந்து இரண்டாவது விளம்பரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எங்கட குடும்பத்து மானத்த பேப்பர்ல போட்டீக்கிறாய்."

"பன்னெண்டு சொல்லுதான், நானா. அதுல மானம் போற சொல்லு எது? காட்டுங்க, வெட்டிர்றன்."

அவர் துண்டைக் கையில் எடுத்து வாசித்தார். வாசித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்துக்குப் பின், தோட்டத்துப் பிள்ளைதானே, எத்தனை நாளைக்கு இருப்பாள் என்று கேட்டார். தெரியாது என்றாள் முஹ்ஸினா. அவள் போன பிறகு என்ன செய்வாய் என்றார். அதற்கும் தெரியாது என்றாள். போன பிறகு நான் திரும்ப வருவேன் என்றார் அவர். அவள் தலையாட்டினாள்.

வேன் காலியாகவே திரும்பிப் போயிற்று.

ஆறு மணிக்கு நல்லம்மா வந்தாள். கையில் ஒரு பழுப்பு உறை. டிஸ்பென்சரி விலாசத்துக்கு வந்ததாம். அவள் விண்ணப்பித்திருந்த கண்டிக் குடியுரிமை அலுவலகத்திலிருந்து வந்தது என்று உறையின் மேலே இருந்த முத்திரையே சொன்னது. அவள் அதைப் பிரித்திருக்கவில்லை. முஹ்ஸினா அதைப் பார்த்தாள். நல்லம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முஹ்ஸினா குசினியில் நின்றபடி காது கொடுத்தாள். காகிதம் கிழியும் சத்தம் வரவில்லை. கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், நல்லம்மா மெதுவாகத் தகரப் பெட்டியைத் திறந்து எதையோ அடியில் வைத்து மூடும் சத்தம் கேட்டது.

அரிசியைக் களைந்து உலை வைத்தாள், இரண்டு பேருக்கு.